பாக்ஸ் பிளாட்: பெட்டி, மீசை, தனிப்புள்ளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவின் மாதாந்திர அறிக்கையில் சராசரிப் பட்டைகளை எடுத்துவிட்டு பாக்ஸ் பிளாட் போட ஆரம்பித்த நாள் முதல், யாராவது ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து சந்தேகம் கேட்காத வாரம் இல்லை. கேட்பவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே தரவைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு உதவி எண்ணை அழைத்த 12 பேர் எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்ற கணக்கு, ஏறுவரிசையில்:

```
2, 4, 5, 6, 7, 8, 9, 10, 11, 14, 16, 24
```

ஒரு பெட்டி, நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் குச்சி, மேல ஒரு புள்ளி. முதல்ல எதைப் பார்க்கணும்?

நடுக்கோட்டை. அதுதான் இடைநிலை. வரிசையாக நிற்க வைத்தால் சரியாக நடுவில் வரும் மதிப்பு. நம்மிடம் 12 பேர் இருப்பதால் நடுவில் இரண்டு பேர் நிற்கிறார்கள்: 8, 9. இரண்டுக்கும் நடுவே 8.5. பாதிப் பேர் அதற்குக் குறைவாகக் காத்திருந்தார்கள், மீதிப் பாதி அதற்கு மேல்.

அது சராசரி இல்லை. 12 எண்ணையும் கூட்டினால் 116, சராசரி சுமார் 9.7. அந்தக் கடைசி 24 அதை மேலே இழுத்துவிட்டது. எக்செல் போன்ற சில மென்பொருள்கள் பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறியும் போடும், அதுதான் சராசரி. கோட்டையும் குறியையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கால்மானம்னா கால்வாசிதானே? அதைக் கையால எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கால்வாசி என்றால் ஒரு பங்கு. கால்மானம் அந்தப் பங்கு முடிகிற இடம். வரிசையை நான்கு சம பங்காக வெட்டினால் மூன்று இடத்தில் வெட்டு விழும் அல்லவா, அந்த மூன்று வெட்டுகள்தான் மூன்று கால்மானங்கள். நடு வெட்டு இடைநிலை.

கையால் போடுவது சுலபம். முதலில் தரவை இரண்டாகப் பிரியுங்கள். கீழ்ப்பாதி 2, 4, 5, 6, 7, 8. இதன் நடு 5-க்கும் 6-க்கும் இடையில், அதாவது 5.5. இது முதல் கால்மானம், பெட்டியின் அடிவிளிம்பு. மேல்பாதி 9, 10, 11, 14, 16, 24. இதன் நடு 11-க்கும் 14-க்கும் இடையில், 12.5. இது மூன்றாம் கால்மானம், பெட்டியின் மேல்விளிம்பு. பெட்டியின் உயரம் 12.5 − 5.5 = 7 நிமிடம். இதற்குக் கால்மான வீச்சு என்று பெயர். கீழே பல இடங்களில் இந்த 7 வரும்.

பெட்டியோட மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடப் பெரிசா இருக்கு. அப்போ அங்கேதான் நிறைய பேர் இருக்காங்களா?

இல்லை. என்னிடம் வந்த தப்பான வாசிப்புகளில் இதுதான் முதலிடம். பட்டை வரைபடம் பார்த்துப் பழகிய கண் பெரிய பரப்பைப் பார்த்ததும் பெரிய எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறது. பாக்ஸ் பிளாட்டில் எண்ணிக்கை எல்லாப் பகுதியிலும் ஒன்றே; மாறுவது நீளம் மட்டும்.

எண்ணிப் பாருங்கள். கீழ் மீசையில், அதாவது பெட்டிக்குக் கீழே நீளும் குச்சியில், 2, 4, 5 என மூன்று பேர். பெட்டியின் கீழ்ப்பகுதியில் 6, 7, 8 என மூன்று பேர், 3 நிமிட நீளத்துக்குள். மேல்பகுதியில் 9, 10, 11 என அதே மூன்று பேர், ஆனால் 4 நிமிட நீளத்தில். அதற்கு மேலே 14, 16, 24 என மூன்று பேர். ஆக, ஒரு பகுதி நீளமாக இருந்தால் அங்கே ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்று பொருள். குட்டையாக இருக்கும் இடத்தில்தான் நெரிசல்.

இன்னொன்று: மேலே தனியாக நிற்கும் அந்தப் புள்ளியும் கடைசிக் கால்பங்கைச் சேர்ந்தவர்தான். மேல் மீசையில் 25 சதவீதம், அப்புறம் புள்ளிகள் கூடுதல் என்று கணக்குப் போடக் கூடாது.

மீசை சின்ன மதிப்புல ஆரம்பிச்சு பெரிய மதிப்புல முடியும்னு படிச்சேன். இங்கே 24 வரைக்கும் போகலையே?

நீங்கள் படித்ததும் ஒரு முறைதான். பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் வரைவார்கள். மென்பொருள்கள் வழக்கமாக வரைவது புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970-களில் பரப்பிய முறை. அதில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று உண்டு. பெட்டி விளிம்பிலிருந்து கால்மான வீச்சைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் அது நிற்கும்.

நம் கணக்கில் 7-இன் ஒன்றரை மடங்கு 10.5. மேல் வேலி 12.5 + 10.5 = 23. கீழ் வேலி 5.5 − 10.5 = −5. வேலிக்கு வெளியே விழுந்த மதிப்பு அவுட்லையர், தனிப்புள்ளியாகக் குறிக்கப்படும். 24 வெளியே இருக்கிறது, அதனால் புள்ளி.

இப்போது கவனியுங்கள்: மேல் மீசை 23 வரை போகாது. வேலிக்குள் இருக்கும் மிகப் பெரிய உண்மையான மதிப்பில், அதாவது 16-இல் நின்றுவிடும். கையால் வரைபவர்கள் பாதிப் பேர் மீசையை 23 வரை இழுத்துவிடுகிறார்கள். 23 நிமிடம் யாருமே காத்திருக்கவில்லை. அங்கே மீசை நுனி வந்தால் படம் பொய் சொல்கிறது. சரிபார்க்க ஒரு வழி: இரண்டு மீசையும் மிகச் சரியாகப் பெட்டி உயரத்தின் ஒன்றரை மடங்கு நீளத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மைத் தரவில் அது எப்போதாவதுதான் நடக்கும்.

சில துறைகளில் 5-ஆம், 95-ஆம் சதமானம் வரை மீசை வைக்கிற வழக்கமும் உண்டு. படத்தின் கீழே எந்த முறை என்று எழுதாமல் விட்டிருந்தால் வரைந்தவரிடமே கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

கீழ் வேலி −5 வருது. மைனஸ் அஞ்சு நிமிஷம் எப்படிக் காத்திருக்க முடியும்?

முடியாது, முடியவும் வேண்டாம். வேலி வெறும் அளவுகோல்தான், தரவு அல்ல. −5 வந்ததற்கு அர்த்தம், கீழ்ப்பக்கம் எவருமே அவுட்லையர் ஆக வாய்ப்பில்லை என்பதுதான். மீசை வழக்கம்போல 2-இல் நிற்கும்.

அது ஏன் ஒன்றரை? ரெண்டு மடங்குன்னு ஏன் வைக்கலை?

இயற்கை விதி எதுவும் இல்லை. வசதியாக அமைந்த எண். மணி வடிவப் பரவல், அதாவது இயல்நிலைப் பரவல் கொண்ட தரவில் ஒன்றரை மடங்கு வேலி போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 0.7 சதவீதம் மட்டும் வெளியே விழும். ஆயிரத்துக்கு ஏழு. ஒரு மடங்கு என்று வைத்தால் ஒழுங்கான தரவிலும் நூற்றுக்கு நான்கு பேர் வெளியே நிற்பார்கள். இரண்டு மடங்கு வைத்தால் பத்தாயிரத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் தேறுவார்கள்.

டூக்கி மூன்று மடங்கில் இன்னொரு வேலியும் வைத்திருந்தார். நம் தரவில் அது 12.5 + 21 = 33.5. அதையும் தாண்டினால் மிகத் தொலைவு. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் சில அவுட்லையர் வட்டமாகவும் சில நட்சத்திரமாகவும் தெரிவது இதனால்தான்: முதல் வேலி தாண்டினால் வட்டம், இரண்டாவதையும் தாண்டினால் நட்சத்திரம். நம் 24-க்கு வட்டம்தான் கிடைக்கும்.

ஒரே ஒரு பெரிய எண் வந்தா வேலியையே அது தன் பக்கம் இழுத்துக்காதா?

நல்ல கேள்வி. இந்த முறையின் பலமே இதில்தான் இருக்கிறது. 24-க்குப் பதில் யாரோ தவறுதலாக 240 என்று பதிந்துவிட்டார்கள் என்று வையுங்கள். மேல்பாதி 9, 10, 11, 14, 16, 240. அதன் நடு அப்போதும் 12.5. கால்மான வீச்சு அதே 7, வேலி அதே 23. கடைசி ஆள் எவ்வளவு தூரம் ஓடினாலும் வேலி அசையாது, ஏனென்றால் கால்மானம் வரிசையில் இடத்தைப் பார்க்கிறது, அளவைப் பார்ப்பதில்லை.

சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் தாண்டினால் அவுட்லையர் என்ற இன்னொரு விதியோடு ஒப்பிடுங்கள். மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம். நம் தரவின் திட்டவிலக்கம் சுமார் 6.05, எல்லை 9.67 + 18.15, ஏறக்குறைய 27.8. அந்த விதிப்படி 24 உள்ளேயே இருக்கிறது. 240 என்று மாற்றினால் சராசரி 27.7 ஆகவும் திட்டவிலக்கம் 67 ஆகவும் வீங்கிவிடும்; எல்லை 228-க்கு மேல் போய்விடும். அவ்வளவு அபத்தமான எண்கூட மயிரிழையில்தான் பிடிபடுகிறது. பத்து அல்லது அதற்குக் குறைந்த மதிப்புகள் மட்டும் இருந்தால் இந்த விதியால் எதையுமே பிடிக்க முடியாது. பத்து மதிப்பில் ஒன்று எவ்வளவு விலகினாலும் 2.85 திட்டவிலக்கத்தைத் தாண்டாது, கணக்கு அப்படி. எட்டு அளவீடு எடுத்துவிட்டு "மூன்று திட்டவிலக்க விதிப்படி அவுட்லையர் இல்லை" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, புள்ளி வந்துட்டா அது தப்பான தரவுதானே? நீக்கிடலாமா?

வேலி தாண்டியது என்றால் "இதை ஒருமுறை போய்ப் பார்" என்றுதான் பொருள், "தூக்கி எறி" என்றல்ல. மூலப் பதிவைத் திறந்து பாருங்கள். ஒருமுறை எங்கள் படத்தில் 1,440 நிமிடம் என்று ஒரு புள்ளி உச்சியில் நின்றது. 1,440 என்பது மிகச் சரியாக 24 மணி நேரம். யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. மூட மறந்த பதிவை மென்பொருள் ஒரு நாள் கழித்துத் தானாக மூடியிருக்கிறது. அதை நீக்கினோம், நீக்கியதையும் காரணத்தையும் அறிக்கையில் எழுதினோம்.

இந்த 24 அப்படியில்லை. பதிவு சரி, அழைத்தவர் உண்மையிலேயே 24 நிமிடம் காத்திருந்தார் என்றால் அது தரவு. அதை நீக்கினால் அந்த மனிதர் காத்திருக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும்.

நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப பாக்ஸ் பிளாட் போடுவது இன்னும் மோசம். 24-ஐ எடுத்துவிட்டால் பெட்டி சுருங்கும், வேலியும் உள்ளே வரும். நேற்று நல்ல பிள்ளையாக இருந்த மதிப்பு இன்று அவுட்லையர் ஆகலாம். தரவு அழகாகும்வரை இப்படிச் செதுக்கிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எக்செல்ல QUARTILE.EXC போட்டுப் பார்த்தேன், வேலி 25.25 வருது. அப்போ 24 அவுட்லையரே இல்லை. நீங்க ஆமாங்கறீங்க. யார் சொல்றது சரி?

இருவரும் சரி. கால்மானத்துக்கு ஒரே ஒரு சூத்திரம் கிடையாது. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியின் `quantile()` மட்டுமே ஒன்பது வகையை வைத்திருக்கிறது. வெட்டு இரண்டு மதிப்புக்கு நடுவில் விழும்போது, எங்கே என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கிறது.

நம் 12 எண்ணுக்கே போட்டுப் பார்க்கலாம். `QUARTILE.INC` முதல் கால்மானத்தை 5.75 என்றும் மூன்றாவதை 11.75 என்றும் தரும். வீச்சு 6, மேல் வேலி 20.75. மேலே கையால் போட்டதில் வீச்சு 7, வேலி 23. `QUARTILE.EXC` 5.25, 13.25 என்று தரும். வீச்சு 8, வேலி 25.25. ஆக 24 நிமிடம் காத்திருந்தவர் இரண்டு முறையில் வெளியே, ஒன்றில் உள்ளே. 24-க்குப் பதில் 22 என்றிருந்தால் முடிவு தலைகீழ்: ஒன்றில் மட்டும் வெளியே. ஆர் மொழியிலேயே இரண்டு விடை கிடைக்கும்:

```
x <- c(2,4,5,6,7,8,9,10,11,14,16,24)
fivenum(x)    # 2.0 5.5 8.5 12.5 24.0
quantile(x)   # 2.00 5.75 8.50 11.75 24.00
```

`boxplot()`, `fivenum()` தரும் கால்மானங்களை வைத்து வரையும். ஆர் மொழியின் வரைபடத் தொகுப்பான ggplot2, `quantile()` தருவதை வைத்து வரையும். எக்செல்லின் பாக்ஸ் பிளாட்டிலும் Inclusive median, Exclusive median என்று இரண்டு தேர்வு இருக்கிறது. எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். தரவு நூற்றுக்கணக்கில் போனால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். பத்து, பன்னிரண்டு மதிப்பு இருக்கும்போதுதான் தலைவலி. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, அறிக்கை முழுக்க அதையே வைத்து, எது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். என் சொந்தக் கருத்து: சூத்திரத்தை மாற்றினால் மறைகிற அவுட்லையர் மீது பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

ஆயிரம் அழைப்புக்குப் போட்டேன், மேல நாற்பத்தஞ்சு புள்ளி வந்திருக்கு. ஆயிரத்துக்கு ஏழுன்னு சொன்னீங்களே?

ஏழு என்றது மணி வடிவத் தரவுக்கு. காத்திருப்பு நேரம் அப்படி இருக்காது. பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலே எவ்வளவும் நீளலாம். ஒரு பக்கம் வால் நீண்ட தரவு இது. இந்த மாதிரித் தரவுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அடுக்குக்குறிப் பரவலில் அதே ஒன்றரை மடங்கு வேலியைச் சுமார் 4.8 சதவீதம் பேர் தாண்டுவார்கள். ஆயிரத்துக்கு 48. உங்கள் நாற்பத்தைந்து ஒழுங்கான எண்ணிக்கைதான்.

புள்ளிகள் ஒரே பக்கமாகக் குவிந்து, மீசையை ஒட்டி இடைவெளி இல்லாமல் தொடர்ந்து போனால் அது வால். கூட்டத்திலிருந்து விலகி, நடுவில் பெரிய வெற்றிடம் விட்டு நின்றால் அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். நேரத்தின் மடக்கை எடுத்து வரைந்தால் வால் சுருங்கி, உண்மையில் விலகியவர்கள் மட்டும் தனித்துத் தெரிவார்கள்.

ரெண்டு குழுவோட பெட்டியும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. அப்போ ரெண்டு குழுவும் ஒரே மாதிரிதானே?

இந்தத் தரவைப் பாருங்கள்:

```
2, 5, 5, 6, 6, 6, 11, 12, 12, 13, 16, 24
```

கையால் கால்மானம் போடுங்கள்: 5.5, 8.5, 12.5. வேலி 23, மீசை 2 முதல் 16 வரை, 24-இல் ஒரு புள்ளி. முதல் தரவின் படமும் இதன் படமும் இம்மி பிசகாமல் ஒன்றே. ஆனால் இங்கே 7-இலிருந்து 10 நிமிடம் வரை காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. 6 நிமிடத்தை ஒட்டி ஒரு கூட்டம், 12-ஐ ஒட்டி இன்னொரு கூட்டம். இரண்டு விதமான அழைப்புகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். இடைநிலைக் கோடு ஆளே இல்லாத இடத்தில் நிற்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை பாக்ஸ் பிளாட் காட்டாது. எத்தனை பேரின் தரவு என்பதையும் காட்டாது. 12 பேருக்கும் 12,000 பேருக்கும் ஒரே மாதிரிப் பெட்டிதான். அதனால் பெட்டிக்கு அடியில் எண்ணிக்கையை எழுதுவதும், தரவு குறைவாக இருந்தால் பெட்டி மேலேயே புள்ளிகளைத் தூவுவதும் என் வழக்கம்.

நீங்க சொன்ன மாதிரி புள்ளிகளையும் தூவினேன். 24 ரெண்டு தடவை வந்துடுச்சு. அதை மறைக்க அச்சை 20-ஓட வெட்டினேன், இப்போ பெட்டியே மாறிப்போச்சு!

ஒரு 24-ஐ அவுட்லையராக பாக்ஸ் பிளாட் வரைந்தது, இன்னொன்றைத் தூவிய புள்ளிகள் வரைந்தன. பாக்ஸ் பிளாட்டின் புள்ளியை மட்டும் அணைத்துவிடுங்கள். ggplot2-இல் இப்படி:

```
library(ggplot2)
ggplot(data.frame(x), aes("", x)) +
  geom_boxplot(outlier.shape = NA) +
  geom_jitter(width = 0.1, height = 0)
```

அச்சை வெட்டியதுதான் உண்மையான விபத்து. `ylim(0, 20)` என்று எழுதினால் ggplot2 படத்தை வெட்டுவதில்லை. 20-க்கு மேற்பட்ட தரவையே தூக்கிவிட்டு, மீதி 11 மதிப்பை வைத்துக் கால்மானங்களைப் புதிதாகக் கணக்கிடுகிறது. இடைநிலை 8.5-இலிருந்து 8-க்கும், மேல்விளிம்பு 11.75-இலிருந்து 10.5-க்கும் இறங்கியிருக்கும். வரிசைகள் நீக்கப்பட்டன என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும், பலரும் அதைப் படிப்பதில்லை. வெறும் பார்வையை மட்டும் சுருக்க `coord_cartesian(ylim = c(0, 20))` போடுங்கள். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அப்படி வெட்டினால் 24 படத்தில் இல்லை என்பதைக் கீழே எழுதிவிடுங்கள்.